பத்து வயதிலிருந்து ஐம்பது வரை

1990 ஆகஸ்டில் மலையாள நாளிதழ் ஒன்றில் ஒரு படம் வெளியானது. சபரிமலை சன்னிதானத்தில் ஒரு குழந்தைக்குச் சோறூட்டும் சடங்கு. தேவஸ்வத்தின் முன்னாள் ஆணையர் ஒருவரின் பேத்திதான் அந்தக் குழந்தை. குழந்தையைச் சுற்றிக் குடும்பத்துப் பெண்களும் இருந்தார்கள். சங்கனாச்சேரிப் பக்கத்திலிருந்து ஒருவர் இதைச் சுட்டிக்காட்டி கேரள உயர்நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். செல்வாக்குள்ளவர்களின் வீட்டுப் பெண்கள் மட்டும் வயது வரம்பு இல்லாமல் மலை ஏறுகிறார்கள், வழக்கம் மீறப்படுகிறது என்பது அவருடைய குறை. நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது.

இந்தத் தொடக்கத்தைக் கவனித்துக்கொள்வது நல்லது. சபரிமலை வழக்கு என்றதும் பலருக்கு நினைவு வருவது, பெண்களை உள்ளே விடச் சொல்லி டெல்லியில் தொடுக்கப்பட்ட வழக்கு. ஆனால் முதலில் நீதிமன்றத்துக்குப் போனது பெண்களை உள்ளே விடாதே என்று கேட்ட குரல்தான். வழக்கமாக இருந்த ஒன்று நீதிமன்ற ஆணையாக மாறியதும் அந்த வழக்கில்தான்.

அப்போது திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு கொடுத்த பதில் சுவாரசியமானது. மண்டல காலம், மகரவிளக்கு, விஷு ஆகிய நாட்களில் பத்து வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் இடைப்பட்ட பெண்களை விடுவதில்லை. ஆனால் மாதப் பூசைக்காக நடை திறக்கும் நாட்களில் சுமார் இருபது ஆண்டுகளாக எல்லா வயதுப் பெண்களும் வந்து போகிறார்கள் என்று அது ஒப்புக்கொண்டது. சோறூட்டுச் சடங்கும் அப்படி ஒரு மாதப் பூசை நாளில் நடந்ததுதான். திருவிதாங்கூர் மகாராஜா ஒரு முறை மகாராணியோடு வந்து தரிசித்த செய்தியும் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. மறுபக்கம், 1820 வாக்கில் வார்டு, கானர் என்ற இரண்டு ஆங்கிலேய அதிகாரிகள் திருவிதாங்கூரை அளந்து எழுதிய குறிப்பிலேயே, வயதான பெண்களும் சிறுமிகளும் போகலாம், பருவமடைந்த பெண்கள் குறிப்பிட்ட வயது வரை போகக்கூடாது என்று இருக்கிறது. தடை பழையது, அதை விட்டுக்கொடுத்த சந்தர்ப்பங்களும் இருந்திருக்கின்றன. இரண்டும் ஒரே கோப்பில் கிடக்கின்றன.

வயது எல்லைகூட ஒரே இடத்தில் நின்றதில்லை. 1955, 1956 ஆண்டுகளில் தேவஸ்வம் வெளியிட்ட அறிவிப்புகளில் தடை பத்திலிருந்து ஐம்பத்தைந்து வயது வரை. பின்னாளில் அது ஐம்பது ஆயிற்று.

1991 ஏப்ரல் 5-ஆம் தேதி நீதிபதிகள் பரிபூர்ணனும் பாலநாராயண மாராரும் தீர்ப்பளித்தார்கள். சபரிமலை ஐயப்பன் நைஷ்டிக பிரம்மசாரி. நாற்பத்தொரு நாள் விரதம் மாதவிலக்கு வரும் வயதுப் பெண்களால் இடைவிடாமல் அனுசரிக்க முடியாதது. தடை பெண் இனம் முழுமைக்கும் அல்ல, ஒரு வயதுப் பிரிவினருக்கு மட்டுமே. ஆகவே அது அரசியல் சட்டத்துக்கு முரண் அல்ல என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். மாதப் பூசை உட்பட ஆண்டு முழுவதும் தடையை அமல்படுத்தும்படி போர்டுக்கு ஆணையிட்டது. தேவைப்பட்டால் போலீஸ் உதவி தரும்படி அரசுக்கும் சொன்னது. அதுவரை நெகிழ்வாக இருந்த ஒரு வழக்கம், அன்று முதல் போலீஸ் காவலோடு கூடிய கட்டளை ஆனது. சபரிமலையின் மரபு 'என்றென்றும் மாறாதது' என்று வாதிடுகிறவர்களும், அது 'அண்மைக் காலக் கண்டுபிடிப்பு' என்று வாதிடுகிறவர்களும் ஒரே மூச்சில் இந்தத் தீர்ப்பைக் கடந்துபோவது வேடிக்கை. இரு தரப்புக்கும் இதில் வசதியில்லாத பக்கங்கள் இருக்கின்றன.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2006-ல், இந்திய இளம் வழக்கறிஞர்கள் சங்கம் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல மனு தாக்கல் செய்தது. அந்த மனு தீர்ப்பை எட்டப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. அதற்குள் கேரள அரசின் நிலைப்பாடு இரண்டு முறை புரண்டது. இடது முன்னணி ஆட்சி பெண்களை அனுமதிக்கலாம் என்று 2007-ல் பிரமாணப் பத்திரம் கொடுத்தது. காங்கிரஸ் தலைமையிலான ஆட்சி 2016 தொடக்கத்தில் அதை மாற்றி, மரபு தொடரட்டும் என்றது. அதே ஆண்டில் ஆட்சி மாறியதும் பழைய நிலைப்பாடு திரும்பியது. கோயில் மரபு பற்றிய ஓர் அரசின் கருத்து தேர்தல் முடிவோடு சேர்ந்து மாறுவதைப் பக்தர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பின்னால் வெடித்த கோபத்துக்கு இதிலும் பங்குண்டு.

சண்டை முழுவதும் எதைப் பற்றியது என்று புரிந்துகொள்ள, ஒரு சின்ன விதியைப் பார்க்க வேண்டும். 1965-ல் கேரளம் ஒரு சட்டம் இயற்றியது: இந்துப் பொது வழிபாட்டுத் தலங்கள் எல்லா வகுப்பு, பிரிவு இந்துக்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது அதன் கரு. தாழ்த்தப்பட்டோர் கோயில் நுழைவுப் போராட்டங்களின் தொடர்ச்சியாக வந்த சட்டம் அது. அந்தச் சட்டத்தின் கீழ் வகுத்த விதிகளில் 3(பி) என்று ஒன்று. வழக்கத்தின்படி கோயிலுக்குள் அனுமதிக்கப்படாத காலத்தில் பெண்கள் உள்ளே வர உரிமை இல்லை என்று அது சொல்கிறது. 'காலத்தில்' என்ற சொல் மாதத்தில் சில நாட்களைக் குறிக்கிறதா, பெண்ணின் வாழ்நாளில் நாற்பது ஆண்டுகளைக் குறிக்கிறதா என்பது ஒரு கேள்வி. அதைவிடப் பெரிய கேள்வி: எல்லோருக்கும் கதவைத் திற என்று தாய்ச்சட்டம் சொல்லும்போது, பிள்ளை விதி ஒரு பகுதியினருக்குக் கதவை அடைக்கலாமா?

தாய்ச்சட்டத்திலேயே ஒரு விலக்கும் இருந்தது. கோயில் ஒரு தனி 'சமயப் பிரிவுக்கு' உரியதென்றால், அந்தப் பிரிவு தன் சமயக் காரியங்களைத் தானே நடத்திக்கொள்ளும் உரிமைக்கு உட்பட்டுத்தான் இந்தத் திறப்பு. அரசியல் சட்டத்தின் 26-ஆம் பிரிவும் அதே உரிமையைத் தருகிறது. ஆகவே ஐயப்ப பக்தர்கள் தனிச் சமயப் பிரிவா, இல்லையா என்பதில்தான் வழக்கின் அச்சாணி இருந்தது.

உச்ச நீதிமன்றம் முன்பே வகுத்திருந்த அளவுகோல்கள் மூன்று: பொதுவான நம்பிக்கை, பொதுவான அமைப்பு, தனிப் பெயர். 2018 செப்டம்பர் 28-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் இதை நான்குக்கு ஒன்று என்று பிரிந்து தீர்த்தார்கள். தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா, கான்வில்கர், நாரிமன், சந்திரசூட் ஆகிய நால்வர் பார்வையில், ஐயப்ப பக்தர்களுக்குத் தனி அமைப்பு ஏதும் இல்லை. எந்தச் சாதியினரும் எந்த மதத்தவரும் மாலை போட்டு மலையேறலாம். எருமேலியில் வாவர் பள்ளிவாசலை வலம்வந்துதான் பலர் பயணத்தையே தொடங்குகிறார்கள். இவ்வளவு அகலமாகத் திறந்த கூட்டத்தை ஒரு தனிப் பிரிவு என்று எப்படிச் சொல்வது? ஐந்தாவது நீதிபதியும் அந்த அமர்வின் ஒரே பெண்ணுமான இந்து மல்ஹோத்ரா இதை ஏற்கவில்லை. கறுப்போ நீலமோ உடுத்தி, மாலையிட்டு, ஒருவரையொருவர் 'சாமி' என்றே அழைத்து, குறித்த விரதத்தோடு இருமுடி சுமந்து வருகிறவர்களுக்குத் தனி நம்பிக்கையும் தனி அடையாளமும் இருக்கின்றன என்றார் அவர்.

நால்வரும் ஒரே பாதையில் வந்து சேர்ந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். தலைமை நீதிபதி பெரும்பாலும் சட்டத்தின் எழுத்தைப் பிடித்துக்கொண்டார்: விதி 3(பி) தாய்ச்சட்டத்தை மீறுகிறது, பெண்களை விலக்குவது இந்து மதத்தின் இன்றியமையாத அங்கம் அல்ல. நாரிமன், 25-ஆம் பிரிவு ஒவ்வொரு தனி நபருக்கும் தரும் வழிபாட்டு உரிமையிலிருந்து தொடங்கினார். சந்திரசூட் வெகுதூரம் போனார்: மாதவிலக்கைக் காரணம் காட்டி ஒருவரை விலக்குவது தீண்டாமையின் ஒரு வடிவம், அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது என்றார். மல்ஹோத்ராவின் மறுப்பு இங்கே கூர்மையாக விழுந்தது. தீண்டாமை என்ற சொல் சாதியின் பேரில் நடந்த கொடுமையைக் குறிக்க எழுதப்பட்டது. அதை இங்கே இழுத்துவந்தால் அதன் வரலாறே மங்கிவிடும் என்பது அவர் வாதம்.

இந்த வழக்கைக் கூர்ந்து பார்க்கும்போது, பெரும்பான்மைத் தீர்ப்பில் ஆகக் குறைவாகப் பேசப்பட்ட பகுதிதான் ஆக உறுதியானது என்று தோன்றுகிறது. விதி தாய்ச்சட்டத்துக்கு முரணானது, ஆகவே செல்லாது என்ற அந்த ஒரு காரணம் சாதாரணச் சட்டக் காரணம். அது யாருடைய தெய்வத்தையும் விசாரிக்கவில்லை. 'எது இன்றியமையாத சமய வழக்கம்' என்று நீதிபதிகள் உட்கார்ந்து தேடத் தொடங்கியபோதுதான் தரை வழுக்கியது.

அந்தத் தேடல் தொடங்கியது நம் பக்கத்தில்தான். சென்னை மாகாணத்தின் 1951-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தை எதிர்த்து உடுப்பியின் சிரூர் மடம் தொடுத்த வழக்கில், 1954-ல் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல நோக்கத்தோடு சொன்னது: ஒரு மதத்துக்கு எது இன்றியமையாதது என்பதை அந்த மதத்தின் கோட்பாடுகளைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். அரசின் கை சமயக் காரியங்களுக்குள் நீளாதிருக்க எழுப்பிய வேலி அது. காலப்போக்கில் அந்த வேலிக்குள்ளேயே நீதிபதிகள் நுழைந்து, இது இன்றியமையாதது, இது இடையில் வந்தது என்று பிரித்துக்காட்டத் தொடங்கினார்கள். 1957-ல் மூல்கி வெங்கடரமணர் கோயில் வழக்கில் வேறொரு முடிச்சு அவிழ்ந்தது. அந்தக் கோயில் கௌட சாரஸ்வதப் பிராமணர்களுக்கு உரியது என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனாலும் சென்னை மாகாணத்தின் கோயில் நுழைவுச் சட்டப்படி எல்லா இந்துக்களுக்கும் அதைத் திறக்கச் சொன்னது. சில குறிப்பிட்ட சடங்குகளின்போது மட்டும் அந்தச் சமூகத்தார் தனியே வழிபடலாம் என்று இடம் விட்டது. கதவைத் திறப்பதும் மரபுக்குக் கொஞ்சம் ஒதுக்குப்புறம் தருவதும் ஒரே தீர்ப்பில் நடந்தன. சபரிமலைக்கு அப்படி ஓர் இடைவழியை 2018-ல் யாரும் வரையவில்லை.

மகாராஷ்டிரத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்ததோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். சனி சிங்கணாப்பூரில் கருங்கல் சனி நிற்கும் மேடையில் பெண்கள் ஏறக்கூடாது என்பது வழக்கம். 2016 ஏப்ரல் முதல் தேதி பம்பாய் உயர்நீதிமன்றம், மாநிலத்தின் 1956-ஆம் ஆண்டுக் கோயில் நுழைவுச் சட்டத்தைச் சுட்டி, ஆண்கள் போகிற இடத்துக்குப் பெண்களும் போகலாம் என்றது. ஆண்களும் ஏற வேண்டாம், பெண்களும் ஏற வேண்டாம் என்று அறக்கட்டளை சமாளித்துப் பார்த்தது. குடிபாட்வா அன்று ஆண்களே தடையை மீறி மேடையில் ஏறிவிட்டார்கள். அன்றே அறக்கட்டளை எல்லோருக்கும் திறந்துவிட்டது. மும்பை ஹாஜி அலி தர்காவில் உள் சன்னிதிக்குப் பெண்கள் போவதை 2011-12 வாக்கில் நிறுத்தியிருந்தார்கள். 2016 ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. உச்ச நீதிமன்றத்தில் அறக்கட்டளை தானே இசைந்து, நவம்பரில் பெண்களை அனுமதித்தது. அங்கே தடை புதிது. முன்பு போய்வந்த பெண்களே திரும்பப் போகக் கேட்டார்கள். தடை யாருடைய நினைவில் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதும், உள்ளே போகக் கேட்பவர் யார் என்பதும் ஒரு தீர்ப்பு நடைமுறையாவதைப் பெரிதும் முடிவு செய்கின்றன.

சபரிமலையில் இரண்டுமே எதிர்த்திசையில் இருந்தன. தீர்ப்புக்குப் பிறகு துலாம் மாதப் பூசைக்கு 2018 அக்டோபர் 17-ஆம் தேதி நடை திறந்தது. அடிவார முகாமான நிலக்கலில் போராட்டக்காரர்கள் பேருந்துகளையும் கார்களையும் நிறுத்தி உள்ளே பெண்கள் இருக்கிறார்களா என்று பார்த்தார்கள். செய்தி சேகரிக்க வந்த பெண் நிருபர்கள் தாக்கப்பட்டார்கள். இரண்டு நாள் கழித்து, ஒரு பெண் பத்திரிகையாளரும் இன்னொரு பெண்ணும் பெரும் போலீஸ் பாதுகாப்போடு பம்பையிலிருந்து மலையேறி, பெரிய நடைப்பந்தல் வரை வந்துவிட்டார்கள். பதினெட்டாம்படி கண்ணுக்கெட்டும் தூரம். பூசைக்கு உதவும் பரிகர்மிகள் வேலையை விட்டுவிட்டுப் படிக்குக் கீழே உட்கார்ந்து சரண கோஷம் போட்டார்கள். பெண்கள் ஏறினால் நடையைச் சாத்திச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவேன் என்றார் தந்திரி. இருவரும் திரும்பினார்கள்.

தெருவில் இறங்கிய எதிர்ப்பாளர்களில் பெண்களே மிகுதி என்பதுதான் இந்த விவகாரத்தில் பலருக்கும் விளங்காமல் போனது. கேரள ஊர்களில் பெண்கள் கூடி நாமஜபம் சொல்லி ஊர்வலம் போனார்கள். ஐம்பது வயது வரை காத்திருக்கத் தயார் என்ற இயக்கம் தீர்ப்புக்கு முன்பே இணையத்தில் பரவியிருந்தது. இதற்குப் பின்னால் மலையில் ஒரு கதையும் இருக்கிறது. மாளிகைப்புறத்தம்மன் ஐயப்பனை மணக்க விரும்பியதாகவும், கன்னிச்சாமிகள் ஒருவரும் வராத ஆண்டில் மணப்பதாக ஐயப்பன் சொன்னதாகவும் ஐதிகம். ஆண்டுதோறும் அம்மன் சரங்குத்தி வரை எழுந்தருளி, கன்னிச்சாமிகள் குத்திவைத்த சரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாள். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பெண்ணுக்குக் காத்திருப்பது அவமானமாகப் படுவதில்லை. அவளை 'அறியாதவள்' என்று தள்ளுவது எளிது. ஆனால் அது அவளுக்கு நியாயம் செய்வதாகாது. அதேபோல், அந்தக் காத்திருப்பில் நம்பிக்கை இல்லாமல் இப்போதே வணங்க விரும்பும் இன்னொரு பக்தையின் உரிமையை முதலாமவளின் பொறுமையைக் காட்டி மறுப்பதும் நியாயமாகாது. இந்த இரண்டாமவள் இல்லவே இல்லை என்று பேசுவோர் உண்டு. 2015-ல் தேவஸ்வம் தலைவராக இருந்தவர், மாதவிலக்கைக் கண்டறியும் கருவி வந்தால் பெண்களை விடுவது பற்றி யோசிக்கலாம் என்ற பொருளில் பேசியபோது, அவருக்குப் பதில் சொன்னவர்களில் பக்தைகளும் இருந்தார்கள்.

2019 புத்தாண்டு அன்று காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை சுமார் 620 கிலோமீட்டருக்கு அரசின் ஆதரவோடு பெண்கள் கைகோத்து 'வனிதா மதில்' எழுப்பினார்கள். மறுநாள் விடியும் முன், தடை வயதுக்குட்பட்ட இரண்டு பெண்கள் போலீஸ் துணையோடு உள்ளே போய் வணங்கினார்கள். விஷயம் தெரிந்ததும் நடை சாத்தப்பட்டுச் சுத்திகரிப்புப் பரிகாரம் செய்யப்பட்டது; சுமார் ஒரு மணி நேரத்தில் மீண்டும் திறந்தது. தீட்டு என்ற பேச்சே இங்கே இல்லை, தெய்வத்தின் பிரம்மசரியம் மட்டுமே காரணம் என்று நீதிமன்றத்தில் வாதாடியவர்களுக்கு அந்த ஒரு மணி நேரப் பரிகாரம் உதவி செய்யவில்லை. அதற்கு மறுநாள் கேரளம் முழுவதும் ஹர்த்தால்.

தமிழ்நாட்டுக்கு இது அயலூர்ச் சண்டை அல்ல. 1950-ல் கோயில் தீக்கிரையானபின் நிறுவப்பட்ட இன்றைய பஞ்சலோக விக்கிரகத்தை முன்னின்று அளித்தவர்களில் ஒருவர் பி.டி. ராஜன். நவாப் ராஜமாணிக்கம் மேடையேற்றிய ஐயப்பன் நாடகம் வழியாகத்தான் பல தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தச் சாமி பழக்கமானார். இன்று கார்த்திகை பிறந்தால் நம் தெருக்களில் கேட்கும் சரண கோஷத்துக்குப் பின்னால், விரதச் சமையலிலிருந்து இருமுடிக்கு நெய்த்தேங்காய் தயாராவது வரை, வீட்டுப் பெண்களின் உழைப்பு இருக்கிறது. நம் கோயில்களிலும் வாசலில் மறிப்பது நடக்கிறது, காரணம்தான் வேறு. ஈரோடு மாவட்டம் நம்பியூர் வட்டத்தில், இறந்துபோன பூசாரி ஒருவரின் மனைவி, விதவை என்பதால் திருவிழாவுக்கு வரக்கூடாது என்று தடுக்கப்பட்டார். 2023 ஆகஸ்டில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், விதவை வந்தால் தீட்டு என்ற நம்பிக்கைக்கு நாகரிகச் சமூகத்தில் இடமில்லை என்று சொல்லி, அவருக்கும் அவர் மகனுக்கும் பாதுகாப்புத் தரும்படி போலீசுக்கு ஆணையிட்டார். அங்கே நைஷ்டிக பிரம்மசரியமும் இல்லை, தனிச் சமயப் பிரிவும் இல்லை. மனுதாரர் அந்தக் கோயிலோடு வாழ்ந்த பெண். சட்டச் சிக்கல் ஏதும் எழவில்லை.

சபரிமலைத் தீர்ப்பை மறுஆய்வு செய்யக் கோரி ஐம்பதுக்கும் மேற்பட்ட மனுக்கள் குவிந்தன. 2019 பிப்ரவரி விசாரணையில் தேவஸ்வம் போர்டே தன் பழைய வாதத்தைக் கைவிட்டுத் தீர்ப்பை ஆதரித்தது. அந்த ஆண்டு நவம்பர் 14-ஆம் தேதி வந்தது விசித்திரமான ஓர் உத்தரவு. மூன்று நீதிபதிகள் மறுஆய்வை ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. நிலுவையில் வைத்து, பெரிய கேள்விகளைப் பெரிய அமர்வு முதலில் தீர்க்கட்டும் என்றார்கள். நாரிமனும் சந்திரசூடும் மறுத்தார்கள். 2018 தீர்ப்புக்குத் தடை விதிக்கப்படவில்லை. ஆனால் அடுத்த மாதம், பாதுகாப்புக் கேட்டு வந்த பெண்களுக்கு உத்தரவு எதுவும் தர நீதிமன்றம் முன்வரவில்லை. உரிமை காகிதத்தில் இருந்தது, மலையில் இல்லை.

2020 பிப்ரவரியில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து ஏழு கேள்விகளை வகுத்தார்கள். அடுத்த மாதமே கொரோனா வந்து விசாரணையை முடக்கியது. அந்த ஏழில் கடைசிக் கேள்வி, மல்ஹோத்ராவின் தீர்ப்பிலிருந்தே எழுந்தது போன்றது: ஒரு சமயப் பிரிவைச் சேராத ஒருவர், அந்தப் பிரிவின் வழக்கத்தைப் பொதுநல வழக்குப் போட்டுக் கேள்வி கேட்கலாமா? 'கூடாது' என்று பதில் வந்தால் வழக்கறிஞர் சங்கத்தின் 2006 மனு அடியோடு ஆட்டம் காணும். ஆனால் இதோடு சேர்த்து அனுப்பப்பட்ட மற்ற வழக்குகள் ஒரே மாதிரியானவை அல்ல. மசூதிக்குள் தொழுகைக்குப் பெண்களை விடக் கேட்டவர்கள் ஒரு முஸ்லிம் தம்பதியர். வேற்று மதத்தவரை மணந்தாலும் அக்கினிக் கோயிலுக்குப் போகும் உரிமை தனக்கு உண்டு என்று வந்தவர் பார்சியாகப் பிறந்த பெண். தாவூதி போரா சமூகத்தில் சிறுமிகளுக்குச் செய்யப்படும் பிறப்புறுப்புச் சிதைப்பை எதிர்த்து வழக்குப் போட்டவர் அந்தச் சமூகத்துக்கு வெளியே இருந்த ஒரு பெண் வழக்கறிஞர். உள்ளிருப்பவர் மட்டுமே கேட்கலாம் என்று கோடு கிழித்தால், முதல் இரண்டு வழக்குகளும் நிற்கும். சிறுமிகளுக்காக வந்த மூன்றாவது வழக்கு நிற்காது.